ஆறு புள்ளியின் விலை

1979 ஜனவரி 21 அன்று மயாமி நகரின் ஆரஞ்சு பவுல் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 35, டல்லஸ் கவ்பாய்ஸ் 24. ஆட்டம் முடிய 22 விநாடிகள் இருக்கும்போது டல்லஸ் ஒரு டச்டவுன் போட்டது. கூடுதல் புள்ளியும் சேர்ந்து 35–31 ஆனது. கோப்பை யாருக்கு என்பதில் மாற்றமில்லை. ஆனால் லாஸ் வேகாஸ் பந்தயக் கூடங்களுக்கு அந்த டச்டவுன் பேரிடியாக விழுந்தது.

காரணம், அமெரிக்கர்கள் இந்த விளையாட்டில் பெரும்பாலும் ‘யார் ஜெயிப்பார்’ என்று மட்டும் பந்தயம் கட்டுவதில்லை. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்பதே கேள்வி. பலமான அணிக்கு ஒரு சுமை ஏற்றப்படுகிறது. இதற்குப் பாயிண்ட் ஸ்ப்ரெட் என்று பெயர். அன்றைய ஸ்ப்ரெட் பிட்ஸ்பர்க் மைனஸ் 3.5 என்று தொடங்கியது. அதாவது பிட்ஸ்பர்க் மீது பணம் கட்டியவர் வெல்ல, அந்த அணி குறைந்தது 4 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். பிட்ஸ்பர்க் பக்கம் பணம் குவிந்ததும் புக்கிகள் அந்த எண்ணை 4.5 வரை உயர்த்தினார்கள். உடனே டல்லஸ் பக்கம் பணம் வந்தது. கடைசியில் வித்தியாசம் சரியாக 4. முதலில் பிட்ஸ்பர்க்கைப் பிடித்தவர்களும் ஜெயித்தார்கள். பிறகு டல்லஸைப் பிடித்தவர்களும் ஜெயித்தார்கள். இடையில் 4 என்ற எண்ணில் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. வேகாஸ் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் சொல்கிறது.

இப்படிப்பட்ட நாள் புக்கிக்கு அபூர்வம். அவருடைய வழக்கமான வருமானம் ஓசையில்லாமல் வருகிறது. ஸ்ப்ரெட் பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். பலகையில் இதை -110 என்று எழுதுவார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கு 110 கட்டினால் மொத்தம் 220. ஜெயித்தவர் கையில் 210 போகும். 10 டாலர் புக்கியிடம் நிற்கும். மொத்தப் பணத்தில் ஏறக்குறைய 4.5 சதவீதம். கட்டுபவர் நூற்றில் 50 முறை சரியாகச் சொன்னாலும் நஷ்டம்தான். கைப்பணம் கரையாமல் இருக்கவே 52.4 முறை சரியாகச் சொல்ல வேண்டும்.

இந்த மார்ஜின் வெளிப்படையானது, பலகையிலேயே தெரிகிறது. டீசர் என்ற பந்தயத்தில்தான் அது ஒளிந்துகொள்கிறது.

டீசரில் புக்கி ஆறு புள்ளிகளைத் தூக்கிக் கொடுக்கிறார். மைனஸ் 7.5 என்றிருந்தால் மைனஸ் 1.5 ஆகிவிடும், பிளஸ் 2 என்றிருந்தால் பிளஸ் 8. ஆனால் குறைந்தது இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும், இரண்டும் ஜெயிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் முழுப் பணமும் போச்சு. கேட்கும்போது சலுகை போலத்தான் இருக்கிறது. அந்த ஆறு புள்ளிக்கு உண்மையில் என்ன விலை வாங்கப்படுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அமெரிக்கக் கால்பந்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வருவதில்லை. ஃபீல்ட் கோல் என்றால் 3. டச்டவுனோடு கூடுதல் உதையும் சேர்ந்தால் 7. அதனால் ஆட்டங்களின் வித்தியாசமும் சில எண்களில்தான் கூட்டமாய் நிற்கும். தேசியக் கால்பந்து லீகில் நூறு ஆட்டங்களில் சுமார் 15 ஆட்டங்கள் சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகின்றன. சுமார் 9 ஆட்டங்கள் 7-இல் முடிகின்றன. 2004, 2005 சூப்பர் பவுல்கள் நல்ல உதாரணம். இரண்டு ஆண்டும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 7 புள்ளி சுமையோடு இறங்கியது. முதல் ஆண்டு கரோலினாவை 32–29 என்றும், அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவை 24–21 என்றும் வென்றது. இரண்டு முறையும் சரியாக 3. சாதாரண ஸ்ப்ரெட்டில் பேட்ரியட்ஸை நம்பியவர்கள் தோற்றார்கள். அதே அணியை டீசரில் மைனஸ் 1 என்று எடுத்தவர்களுக்கு அந்தப் பாதி பந்தயம் கைகூடியது.

எதிர்மாறான கதையும் உண்டு. மைனஸ் 3 என்ற அணியை டீசரில் பிளஸ் 3 ஆக்கினால் கிடைப்பதும் ஆறு புள்ளிதான். ஆனால் அவை 1, 2, பூஜ்யம் போன்ற எண்களைக் கடக்கின்றன. ஆட்டம் சமனில் முடிவது மிக அபூர்வம்; ஒன்று, இரண்டு புள்ளி வித்தியாசமும் குறைவு. நல்ல எண்ணான 3 இரண்டு ஓரத்திலும் நிற்கிறது, அணி சரியாக 3 புள்ளியில் தோற்றால் ஜெயிப்பு இல்லை. விலை ஒன்றேதான், சரக்கு வேறு. புக்கியின் மார்ஜின் ஒளிந்திருக்கும் முதல் இடம் இந்தப் பயனற்ற புள்ளிகள்தான்.

இந்த வேறுபாட்டைக் கணக்கோடு எழுதிப் பரவச் செய்தவர் ஸ்டான்ஃபோர்ட் வாங் என்ற புனைபெயரில் எழுதிய சூதாட்டக் கணக்கு நிபுணர். 2001-இல் வந்த தன் புத்தகத்தில், 3, 7 இரண்டையும் தாண்டும் டீசர்களை மட்டும் எடுக்கச் சொன்னார்: மைனஸ் 7.5 முதல் 8.5 வரை சுமையுள்ள பலமான அணிகள், பிளஸ் 1.5 முதல் 2.5 வரை பெற்ற பலவீனமான அணிகள். இன்றும் அவற்றை வாங் டீசர் என்றே அழைக்கிறார்கள்.

பந்தயக் கூடங்கள் சும்மா இருக்கவில்லை. ஆறு புள்ளியைக் குறைக்காமல் விலையை மட்டும் ஏற்றின. இரண்டு அணி டீசரை 110-க்கு விற்ற இடங்களில் 120, 130 என்று கேட்கத் தொடங்கினார்கள். பத்து டாலர் தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆட்டமும் ஜெயிக்க 74 சதவீத வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து ஜெயிக்கும் வாய்ப்பு 74-ஐ 74 சதவீதத்தால் பெருக்கியது: சுமார் 54.8. விலை 110 என்றால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் சராசரியாக 5 டாலர் லாபம். 120 என்றால் அரை டாலர்கூட மிஞ்சாது. 130 என்றால் சுமார் 4 டாலர் நஷ்டம். அதே அணிகள், அதே ஆறு புள்ளிகள்தான். ஆனால் லாபம் இருக்கும் பக்கம் மாறிவிட்டது.

அதுவும் நல்ல எண்களைத் தேர்ந்தெடுத்தவருக்கு. கண்ணில் பட்ட இரண்டு அணிகளைச் சேர்ப்பவரின் வாய்ப்பு ஆட்டத்துக்கு 70 சதவீதம் என்று வைத்தால், 110 விலையிலேயே பந்தயத்துக்கு 7 டாலர் போகிறது. சாதாரண ஸ்ப்ரெட்டில் கண்ணை மூடிக் கட்டினால் போவது 5 டாலர் மட்டுமே. சலுகை என்று விற்கப்பட்டது அதிக விலைச் சரக்காகிவிட்டது.

கூடைப்பந்து டீசர்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வித்தியாசங்கள் பரவலாகச் சிதறிக் கிடக்கின்றன. 3, 7 போல ஒரு கூட்ட எண் இல்லை. கல்லூரிக் கால்பந்திலும் ஸ்கோர்கள் பெரிதாகச் சிதறுவதால் அதே ஆறு புள்ளிக்கு மதிப்புக் குறைவு.

2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதான மத்தியத் தடையை நீக்கிய பிறகு, இவையெல்லாம் பல மாநிலங்களில் கைபேசிச் செயலிக்குள் வந்துவிட்டன. மூன்று அணிகள், தலா 10 புள்ளி என்ற டீசர் அங்கே கவர்ச்சியாகத் தெரியும். 120 விலையில் அது தேற வேண்டுமானால் ஒவ்வொரு ஆட்டத்திலும் 81.7 சதவீத வாய்ப்பு வேண்டும். அதோடு பல கூடங்களில் ஒரு விதி இருக்கிறது: ஏதாவது ஒரு ஆட்டம் ஸ்ப்ரெட் எண்ணிலேயே சரியாக முடிந்தால், சாதாரணப் பந்தயத்தில் பணம் திரும்பும், இந்த வகை டீசரில் அது தோல்வியாகவே எடுத்துக்கொள்ளப்படும். விலைப் பலகையில் இதற்கென்று எந்த எண்ணும் இராது. விதிமுறைப் பக்கத்தைத் திறந்து ‘சமன்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தால் மட்டுமே தெரியும்.