வீட்டு வரி, புகார்: கோல சிலாங்கூர்வாசிகள் கைப்பேசியிலேயே செய்துகொள்வது எப்படி?

ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் வீட்டுக்கு நகராண்மைக் கழகத்தின் கடிதம் ஒன்று வரும். பலர் அதை ‘சுக்காய் பிந்து’ என்பார்கள். அதிகாரப்பூர்வப் பெயர் மதிப்பீட்டு வரி. முதல் அரையாண்டு வரியை பிப்ரவரி மாத இறுதிக்குள்ளும், இரண்டாம் அரையாண்டு வரியை ஆகஸ்டு 31ஆம் தேதிக்குள்ளும் கட்ட வேண்டும்.

முன்பு இதற்காக ஒரு நாள் லீவு போட்டு முகப்பிடத்தில் வரிசையில் நின்றோம். இப்போது பத்து நிமிடத்தில் கைப்பேசியில் முடித்துவிடலாம். ஆனால் “கட்டியாச்சு” என்று நினைத்திருந்தவருக்கே பிறகு நிலுவைக் கடிதம் வருவதும் உண்டு. அது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது?

முதலில், உங்கள் கழகம் எது?

கோல சிலாங்கூர், ஜெராம், ஈஜோக், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்கள் கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகின்றன. அதன் இணையத்தளம் www.mpks.gov.my. 2021இல்தான் இது மாவட்ட மன்றத்திலிருந்து நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது. எனவே பழைய பில்களில் MDKS என்றும் புதியவற்றில் MPKS என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நிர்வாகம்தான்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள புக்கிட் தாகார், உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. செகிஞ்சானுக்கு சபாக் பெர்ணம் மாவட்ட மன்றம். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டு பில்லும் உங்கள் பில்லும் ஒரே கழகத்துடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. பில்லின் தலைப்பில் உள்ள பெயரைப் பாருங்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பா, பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தாமானில் மலிவு விலை வீடு வாங்கினார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் இறந்துவிட்டார். அம்மா அந்த வீட்டில் இருக்கிறார். மகள் ஷா ஆலாமில் வேலை செய்கிறார். பில் இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது. இது ஒரு கற்பனை உதாரணம்தான் என்றாலும், இதே நிலையில் உள்ள குடும்பங்கள் ஏராளம்.

மகள் எப்படிக் கட்டுவது? அம்மாவிடம் பில்லைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்கிறார். அதில் அவருக்கு மூன்று விவரங்கள் போதும்: வரிக் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, JomPAY கட்டத்தில் உள்ள Biller Code மற்றும் Ref-1. அவற்றை வங்கிச் செயலியின் JomPAY பகுதியில் தட்டச்சு செய்தால், பணம் பெறும் நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் பெயர் உங்கள் கழகத்தின் பெயர்தானா? Ref-1இல் போட்ட எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா? ஓர் இலக்கம் தவறினால், பணம் கழகத்துக்குப் போய்ச் சேரும், ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கில் ஏறாது. “கட்டியும் நிலுவை வருகிறதே” என்ற குழப்பத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு காரணம் தேதி. ஆகஸ்டு 31 இரவு பதினொரு மணிக்குக் கட்டினால், வங்கி அதை அடுத்த வேலை நாள் கணக்கில் சேர்க்கலாம். 31ஆம் தேதி தேசிய தினம் என்பதால் அன்று முகப்பிடமும் திறந்திருக்காது. ஒரு வாரம் முன்னதாகவே கட்டிவிடுவது நல்லது.

வங்கி தரும் ரசீதைப் படமாகச் சேமித்து வையுங்கள். சில நாள் கழித்து, கழகத்தின் இணையச் சேவையில் அதே கணக்கு எண்ணைப் போட்டு நிலுவை பூஜ்யமாகிவிட்டதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த ரசீதுடன் கழகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். பணம் எந்தக் கணக்கில் போனது என்று அவர்களால் தேடிப் பார்க்க முடியும்.

கட்டாமல் விட்டால்?

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தவணை தாண்டினால் முதலில் ‘இ’ பாரம் எனப்படும் கோரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் ஒரு கட்டணம் நிலுவையில் சேரும். அதற்குப் பிறகும் கட்டவில்லை என்றால், பொருள்களைப் பறிமுதல் செய்யும் ஆணை பிறப்பிக்கப்படலாம். வீட்டில் இருக்கும் பொருள் யாருடையது என்பதை அந்த ஆணை பார்ப்பதில்லை. நீங்கள் வாடகைக்கு விட்ட வீடு என்றால், குடியிருப்பவரின் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் ஆபத்துதான்.

நம் உதாரணத்தில், அப்பா பெயரில் கடிதம் வருகிறது என்பதற்காக அம்மா அதைத் திறக்காமல் வைத்தால் சிக்கல் பெரிதாகும். வரி வீட்டின் மீதானது. பெயர் பழையதாக இருந்தாலும் பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பெயர் மாற்றம்: கைப்பேசியில் முடியாத பகுதி

பணத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் கட்டுவதால் வீடு உங்கள் பெயருக்கு வந்துவிடாது. வீட்டின் உரிமையாளர் யார் என்பதை நகராண்மைக் கழகம் தீர்மானிப்பதில்லை. முதலில் நில அலுவலகத்தில் சொத்துப் பங்கீடு முடிந்து, நிலப்பட்டாவில் பெயர் மாற வேண்டும். அதன் பிறகு பட்டா நகல், மரணச் சான்றிதழ், அடையாள அட்டை நகல் ஆகியவற்றுடன் கழகத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் பாரம் கொடுக்க வேண்டும். பாரத்தை இணையத்தளத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ளலாம்.

மரணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் கழகத்தில் கிடைக்காது. யூடியூபில் சென்னை மாநகராட்சி இணையத்தளத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுப்பதைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படித் தேட வேண்டாம். மலேசியாவில் அவை தேசியப் பதிவு இலாகாவின் வேலை. அதேபோல், நில அலுவலகத்துக்குக் கட்டும் நில வரியும் வேறு. சிலாங்கூரில் அதன் கடைசி நாள் மே 31. மதிப்பீட்டு வரி கட்டிய ரசீது அதற்குச் செல்லாது.

புகார்: யாரிடம் சொல்வது?

குப்பை எடுக்கவில்லை, சாலையில் குழி, விளக்கு எரியவில்லை. எல்லாவற்றையும் கழகத்துக்கே அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. பல புகார்கள் தாமதமாவதற்குக் காரணம், அவை தவறான கதவைத் தட்டியதுதான்.

குப்பை: சிலாங்கூரில் குப்பை சேகரிப்பை KDEB Waste Management நிறுவனம் கவனிக்கிறது. அதன் iClean Selangor செயலியில் புகார் செய்யலாம்.

சாலை: வீட்டு முன் உள்ள தாமான் சாலை கழகத்துடையது. ஆனால் கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வழியாக சபாக் பெர்ணம் நோக்கிச் செல்லும் 5ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை. B என்ற எழுத்துடன் எண் போட்டிருந்தால் அது மாநிலச் சாலை. எது யாருடையது என்று தெரியவில்லையா? பொதுப்பணி அமைச்சு 2023இல் தொடங்கிய MyJalan செயலியில் போடுங்கள். புகாரை உரிய தரப்புக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

குடிநீருக்கு ஆயர் சிலாங்கூர். தெரு விளக்கு என்றால் கம்பத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால்தான் விளக்கு தெனாகா நேஷனலுடையதா, கழகத்துடையதா என்று உடனே தெரியும்.

புகார் எழுதும்போது “எங்க ஏரியா கால்வாய் நாறுது” என்று போட்டால் அதிகாரி எங்கே போய்த் தேடுவார்? சாலைப் பெயர், வீட்டு எண், எத்தனை நாளாக, ஒரு தூரப் படம், ஒரு கிட்டப் படம். இவ்வளவு போதும். ஒரு புகாரில் ஒரு பிரச்சினையை மட்டும் எழுதுங்கள். இரண்டை எழுதினால், ஒன்றைச் சரிசெய்ததும் புகார் மூடப்பட்டுவிடும்.

அனுப்பியதும் வரும் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்ஆப் குழுவிலோ முகநூலிலோ போட்ட பதிவுக்கு அந்த எண் கிடையாது, அதனால் பின்தொடரவும் முடியாது. சில வாரம் கழித்து நிலை ‘Selesai’ என்று மாறியும் கால்வாய் அப்படியே இருந்தால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு, அன்றைய தேதியில் எடுத்த புதுப் படத்துடன் மீண்டும் எழுதுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால், அந்த எண்ணோடு உங்கள் பகுதி கழக உறுப்பினரையோ இந்திய சமூகத் தலைவரையோ பாருங்கள். எண் கையில் இருந்தால் அவர்கள் கேட்பது எளிது.

தோட்ட லயத்தில் இருப்பவர்களுக்கு

தோட்டத்தின் உள்சாலையும் லயமும் தனியார் நிலம். அங்கிருந்து போகும் புகாருக்கு “தனியார் நிலம், நடவடிக்கை எடுக்க இயலாது” என்று கழகம் பதில் அனுப்பலாம். அதோடு விட்டுவிட வேண்டாம். தொழிலாளர் வீடுகளைப் பழுதுபார்ப்பதும் குழாய் நீர் தருவதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டு வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது சட்டம் 446. நிர்வாகம் செய்யவில்லை என்றால் ஆள்பல இலாகாவிடம் புகார் செய்யலாம். அதற்கான செயலியின் பெயர் WFW. இது 2021 முதல் உள்ளது.

ஆனால் இச்சட்டம் வேலையில் இருப்பவர்களை மையமாகக் கொண்டது. ஓய்வு பெற்றும் லயத்திலேயே இருப்பவர்களுக்கு இந்த வழி அவ்வளவு நேரடியாக உதவாது. அவர்கள் இந்திய சமூகத் தலைவர் அல்லது சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியாகப் போவதே நடைமுறையில் உள்ள வழி.

குறுஞ்செய்தி இணைப்பைத் தொடாதீர்கள்

“வரி நிலுவை உள்ளது, உடனே கட்டவும்” என்று இணைப்புடன் செய்தி வந்தால் அதை அழுத்த வேண்டாம். கழக முகவரி .gov.my என்று முடியும். நீங்களே தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள். தவறுதலாக வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டால், உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையோ அழையுங்கள்.