காணாமல் போனவரின் குடும்பத்துக்கு ஓய்வூதியம்: ஆறு மாதமா, ஏழு வருடமா?



வேலைக்குப் போன குடும்பத் தலைவர் திரும்பி வரவில்லை. இறந்தார் என்று சொல்ல ஜனாஸாவும் இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று சொல்லத் தகவலும் இல்லை. மார்க்கச் சட்டத்தில் இவரை 'மஃப்கூத்' என்கிறோம். இத்தகைய குடும்பத்தார் பலரும் "ஏழு வருடம் கழித்துத்தானே எதுவும் கிடைக்கும்" என்று எண்ணி, ஒரு மனுவும் கொடுக்காமல் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். அது பாதி மட்டுமே சரி. அரசு ஊழியரின் குடும்பத்துக்கு ஒரு கணக்கு, தனியார் ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு வேறு கணக்கு. இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மத்திய அரசு ஊழியர்களைப் பார்ப்போம். 1986-இல் வந்த உத்தரவின்படி, ஊழியர் காணாமல் போய் ஒரு வருடம் ஆன பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம் என்று இருந்தது. பின்னர் அந்தக் காலம் ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. இந்த ஆறு மாதம் அவர் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. காவல் நிலையத்தில் புகார் பதிவான நாளிலிருந்துதான் எண்ணப்படும். பணம் சேரத் தொடங்குவதும் அந்த நாளிலிருந்துதான். அவருடைய விடுப்பு அதற்குப் பின்னரும் மீதம் இருந்தால், விடுப்பு முடிந்த நாளிலிருந்து சேரும்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். சேலத்தில் அஞ்சல் துறை ஊழியர் ஒருவர் 2018 ஜனவரி 10 அன்று காணாமல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். "இன்று வருவார், நாளை வருவார்" என்று உறவினர் வீடுகளிலும் தர்காக்களிலும் தேடிவிட்டு, ஜூலை 10 அன்றுதான் குடும்பத்தார் புகார் கொடுக்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் குறைந்தது அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது மாதம் 12,000 ரூபாய். அகவிலைப்படி இதற்கு மேல். புகார் கொடுத்தது ஜூலையில் என்பதால் 2019 ஜனவரி 10-க்குப் பிறகுதான் மனு கொடுக்க முடியும். பணமும் 2018 ஜூலை 10-இலிருந்துதான் கணக்கிடப்படும். ஜனவரியிலேயே புகார் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஏறத்தாழ ஆறு மாதத் தொகை, அதாவது 72,000 ரூபாய்க்குக் குறையாத பணம், அந்தக் குடும்பத்துக்கு இல்லாமல் போகிறது. குடும்ப மானம் போய்விடும் என்று புகாரைத் தள்ளிப்போடுவதன் விலை இது.

மனுவோடு இரண்டு காகிதங்கள் முக்கியம். ஒன்று, எவ்வளவு தேடியும் அவர் கிடைக்கவில்லை என்று காவல்துறை தரும் அறிக்கை. புகார் கொடுத்தபோது கையில் தந்த ரசீது மட்டும் போதாது. இரண்டாவது, அவர் பின்னாளில் திரும்பி வந்து உரிமை கோரினால், வாங்கிய பணம் அவருக்குச் சேர வேண்டியதில் சரிக்கட்டப்படும் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம். நிலுவைச் சம்பளம், விடுப்புச் சம்பளம், சேமநல நிதி ஆகியவை முதலில் வரும். ஆறு மாதம் கழித்து ஓய்வூதியமும் ஓய்வுப் பணிக்கொடையும் கேட்கலாம். பணியில் இறந்தவருக்கு உரிய பணிக்கொடை இதைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத் தொகைக்கு மட்டும் மரணம் உறுதியாக வேண்டும், அல்லது புகார் நாளிலிருந்து ஏழு வருடம் முடிய வேண்டும். நம் உதாரணத்தில் அது 2025 ஜூலை 10.

ஏற்கெனவே ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கிவந்த முதியவர், மறதி நோயால் வழி தவறிப் போனாலும் இதே ஆறு மாத விதிதான். புதிய பென்ஷன் திட்டத்தில் உள்ள ஊழியர் பணிக்காலத்தில் காணாமல் போனாலும் குடும்ப ஓய்வூதியம் பெற 2022 முதல் வழி உண்டு. அவர் முன்பு கொடுத்த விருப்பப் படிவம் என்ன சொல்கிறது என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காணாமல் போன செய்தியை அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் "அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை" என்று அவர்மீது நடவடிக்கை தொடங்கக்கூடும். பணிநீக்கம் வரை போய்விட்டால் ஓய்வூதிய உரிமையே சிக்கலாகிவிடும்.

இனி தனியார் துறை. நூற்பாலை, சேகோ ஆலை, லாரி கம்பெனி ஆகியவற்றில் வேலை செய்தவர்களுக்கு மேலே சொன்ன ஆறு மாத விதி பொருந்தாது. பி.எஃப். பிடித்தம் இருந்தால் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் உண்டு. ஆனால் அதற்கான 10-டி படிவத்தோடு இறப்புக்குச் சான்று வைக்க வேண்டும். இங்கேதான் ஏழு வருடம் வருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதீய சாட்சிய அதிநியமத்தில் 111-ஆவது பிரிவாக இருக்கிறது. ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகத் தகவல் அறியக்கூடியவர்கள், ஏழு வருடமாக எதுவும் அறியாதிருந்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அவர் இறந்தவராகக் கருதப்படுகிறார் என்று தீர்ப்பு வாங்கி, அதைக் காட்டி இறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

நீதிமன்றத்தில் ஏழு வருடம் எண்ணப்படுவது கடைசியாகத் தகவல் கிடைத்த நாளிலிருந்து. இடையில் "மூன்று வருடம் முன்பு திருப்பூரில் இருந்து போன் பண்ணினான்" என்று கூடப்பிறந்தவர் சாட்சி சொன்னால், கணக்கு அந்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். சண்டையில் கோபித்துக்கொண்டு போனவர், கடனுக்குப் பயந்து மறைந்தவர் என்றால், தகவல் வராததற்கு மரணம் அல்லாத காரணம் இருக்கிறதே என்று நீதிபதி கேட்பார். அன்றே கொடுத்த புகார்தான் இங்கே வலுவான சாட்சி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஏழு வருடம் முடிந்தது என்பதால், காணாமல் போன அன்றே இறந்தார் என்று சட்டம் கருதுவதில்லை. எல்.ஐ.சி. சம்பந்தப்பட்ட அனுராதா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மரணம் என்ற அனுமானம் மட்டுமே உண்டு. எந்த நாளில் இறந்தார் என்பதற்கு அனுமானம் இல்லை, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஆகவே அவர் பெயரில் ஆயுள் காப்பீடு இருந்தால், ஏழு வருடமும் பிரீமியம் கட்டி வாருங்கள். நடுவில் நிறுத்தினால் பாலிசி காலாவதியாகி, முழுத் தொகை கிடைக்காது.

எல்லா நிலையிலும் ஏழு வருடம் தேவை என்பதும் இல்லை. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவில் சிக்கிக் கிடைக்காமல் போனவர்களை, சில மாதங்களிலேயே இறந்தவர்களாகப் பதிவு செய்ய கேரள அரசு முடிவெடுத்தது. அங்கே சூழ்நிலையே சாட்சி. எந்தத் தடயமும் இல்லாதபோதுதான் ஏழு வருடம்.

கடைசியாக, நிக்காஹ் விஷயம். கணவன் இருக்குமிடம் நான்கு வருடமாகத் தெரியவில்லை என்றால், 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தின்படி மனைவி நீதிமன்றத்தில் திருமண ரத்து கேட்கலாம். தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே அமலுக்கு வரும். அதற்குள் கணவன் வந்து, இல்லறக் கடமையை நிறைவேற்றத் தயார் என்று நீதிமன்றத்துக்கு நம்பிக்கை ஏற்படுத்தினால் ரத்தாகிவிடும். இந்தத் தீர்ப்பு திருமணத்தை மட்டுமே முடிக்கிறது, கணவர் இறந்தார் என்று சொல்லவில்லை. ஆகவே இதைக் காட்டி விதவை ஓய்வூதியம் கேட்க முடியாது. ஜமாஅத் கடிதமும் மரணச் சான்று ஆகாது. ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் சகோதரிகள், ரத்து மனு கொடுக்கும் முன் இரண்டையும் சேர்த்து ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும்.

மஹல்லாவில் இத்தகைய குடும்பம் இருந்தால் முத்தவல்லி, இமாம் வழியாக நமக்குத் தெரிவியுங்கள். புகார் இன்னும் கொடுக்காமல் இருந்தால், அதற்கு எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றே காவல் நிலையம் போய்ப் பதிவு செய்துவிட்டு, பிறகு வாருங்கள்.