காரியதரிசி மாறுங்கால் எழுத வேண்டிய ஒப்படைப்புக் குறிப்பு

சங்கக் காரியதரிசி ஒருவர் பொறுப்பிலிருந்து விலகி மற்றொருவர் அமரும் நாளில், சாவிக் கொத்தும் புத்தகக் கட்டும் கைமாறுகின்றன. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரு தாளில் இருவரும் கையொப்பமிடுகின்றனர். ஆறு மாதங் கழித்து ஆய்வுக்குச் செல்லும் நாம் கேட்கும் கேள்விகளுக்கு அத்தாளில் விடை இருப்பதில்லை.

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் செல்லும் சாலைப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. அவ்வூரில் தறி போட்டிருக்கும் அங்கத்தினர் சிலரையும் உடைய ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் நாம் கண்டதையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை.

பொறுப்பு மாறிய அன்று அச்சங்கத்தின் ரொக்கப் புத்தகம் காட்டிய இருப்பு 21,350 ரூபாய். புதிய காரியதரிசி அத்தொகையைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையொப்பமிட்டார்; பெட்டியைத் திறந்து எண்ணவில்லை. மூத்தவரை வைத்துக்கொண்டு எண்ணுவது மரியாதையாகாது என்று நினைத்தாராம். மறுவாரம் எண்ணியபோது 14,750 ரூபாய்தான் இருந்தது. குறைவு 6,600 ரூபாய். பெட்டியின் அடியில் ஒரு கைச்சீட்டு கிடந்தது.

நடந்தது இதுதான். நெசவாளர் ஒருவர் மகள் கலியாணத்திற்கு முன்பணம் கேட்டிருந்தார். பழைய காரியதரிசி 9,000 ரூபாய் கொடுத்து, "சேலைக்கு 600 ரூபாய் வீதம் பதினைந்து சேலைகளில் கழித்துக்கொள்கிறேன்" என்று வாக்களித்தார். நிர்வாகக் குழு கூடும்போது தீர்மானம் போட்டுக் கணக்கில் எழுதலாம் என்று சீட்டைப் பெட்டியில் வைத்தார். குழு கூடியபோது மறந்துவிட்டது. நான்கு சேலைகள் வந்து 2,400 ரூபாய் கழிந்தது. அதுவும் சீட்டின் பின்புறத்தில் மட்டுமே குறிக்கப்பட்டது. மீதி 6,600 ரூபாய் யாருடைய கணக்கிலும் இல்லை. நல்லெண்ணத்திற் செய்ததானாலும், புத்தகத்தைப் பார்ப்பவர்க்கு இது கையாடல் போன்றே தோன்றும்.

புதியவர் பதறிப்போய், அடுத்த சேலைக்கு உரிய கூலி முழுவதையும் நிறுத்தி வைத்தார். நெசவாளரோ, "பெரியவர் சொன்ன வாக்கு என்னாயிற்று?" என்று கேட்டு, தறியில் முடிந்திருந்த சேலையை அறுத்துத் தர மறுத்தார். அச்சேலையில் இருந்த பட்டும் சரிகையும் சங்கத்தினுடையவை, உழைப்பு அவருடையது. தனியார் முதலாளி ஒருவர் அவருக்குப் பாவு தர முன்வந்த செய்தியும் ஊரில் பரவிற்று.

நாம் மூவரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்டபோது உண்மை ஒரு மணி நேரத்தில் விளங்கிவிட்டது. அச்சங்கத்தின் உபவிதியில் இரு ஜாமீன்தாரர் பேரில் முன்பணம் தர இடமிருந்தது. ஆகையால் குழு கூடி, ஜாமீன் பெற்று, 6,600 ரூபாயை அங்கத்தினர் பேரில் முன்பணமாக எழுதித் தீர்மானம் செய்தது. உபவிதியில் இடமில்லாதிருந்தால் பழைய காரியதரிசி தம் கையிலிருந்தே கட்ட நேர்ந்திருக்கும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 87ஆவது பிரிவில், சங்கத்திற்கு நட்டம் விளைவித்தவரிடம் அதை ஈடாகப் பெற வழி செய்திருக்கிறது. பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன் என்பது அதற்கு விடையாகாது. எண்ணாமல் கையொப்பமிட்ட புதியவரும் தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஒப்படைப்புக் குறிப்பில் இரண்டே வரிகள் இருந்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது: "புத்தக இருப்பு 21,350, எண்ணிய ரொக்கம் 14,750, வித்தியாசம் 6,600. இன்ன அங்கத்தினருக்குக் கொடுத்த முன்பணத்தில் மீதி. சேலைக்கு 600 வீதம் இன்னும் பதினொரு சேலைகளில் கழிக்க வாக்களித்துள்ளேன். குழுத் தீர்மானம் இல்லை." கடைசிச் சொற்களை எழுதத்தான் மனம் கூசும். அவற்றை எழுதுவதற்காகவே குறிப்பு.

வாக்குகளை எழுதும்போது அவற்றின் தன்மையையும் பிரித்துக் காட்ட வேண்டும். தீர்மானம் ஆனவை ஒரு வகை. அவற்றிற்குத் தீர்மான எண்ணும் தேதியும் போதும். காரியதரிசி வாய்மொழியாகச் சொன்னவை மற்றொரு வகை. மூன்றாவதாக, "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியவை இருக்கின்றன. சொன்னவருக்கு அது மறுப்பு. கேட்டவருக்கு அது சம்மதம். தீபாவளிக்கு நாற்பது சேலைகள் கேட்ட வியாபாரியிடம் "பார்க்கலாம்" என்றிருந்தால், அவர் புரட்டாசியில் வந்து நிற்பார். பாவு ஒன்றுக்கு மூன்று சேலைகள் என்றால் நாற்பதுக்குப் பதினான்கு பாவுகள் வேண்டும். அத்தனை தறிகள் அப்போது ஒழிந்திருக்குமா? திருப்புட்குழிக் கோயிலில் வறுத்த பயறும் முளைக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. சங்கத்தில் "பார்க்கலாம்" என்ற சொல்லும் அவ்வாறே முளைத்துவிடுகிறது!

ரொக்கத்தைப்போலவே சரக்கையும் எழுத வேண்டும். பெட்டியில் உள்ள பட்டை நிறுத்துவிடலாம். வெளியே இருப்பதில்தான் தகராறு. சாயக்காரரிடம் 12 கிலோ கச்சாப் பட்டு இருக்கிறது என்று மட்டும் எழுதினால், திரும்பி வருவது ஏறக்குறைய 9 கிலோவாக இருக்கக் கண்டு புதியவர் திடுக்கிடுவார். பட்டைக் காய்ச்சிப் பசை நீக்கும்போது சுமார் கால் பங்கு எடை போய்விடும் என்பது பழகியவர்க்குத் தெரியும். புதியவர்க்குத் தெரிய வேண்டுமே. எனவே கொடுத்தது கச்சா எடையா, காய்ச்சிய எடையா என்பதைக் குறிப்பிடுதல் அவசியம். தறிகளில் உள்ள பாவுகளுக்கு, கொடுத்த பட்டு, சரிகை, வந்த சேலை, இன்னும் வரவேண்டிய சேலை ஆகியவற்றை அங்கத்தினர் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து எழுத வேண்டும். பாஸ் புத்தகமும் பேரேடும் மாறுபட்டால் இரண்டையும் அப்படியே காட்டுக. திருத்தி ஒன்றாக்கி ஒப்படைக்கலாகாது.

பதில் போகாத கடிதங்களைக் கட்டாகக் கொடுப்பதால் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் யார் எழுதியது, என்ன கேட்கிறார், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், நம்மிடம் எது குறைகிறது என்று நான்கு செய்திகள் வேண்டும். தள்ளுபடி மானியக் கோரிக்கை, "பில் நகல் இணைக்கவில்லை" என்ற ஒரே குறிப்போடு திரும்பி வந்து மாதக்கணக்கில் மேசையில் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். விற்ற சேலைக்குச் சங்கம் முன்கூட்டித் தள்ளுபடி கொடுத்துவிட்டது. அப்பணம் வரும்வரை சங்கத்தின் முதல் முடங்கிக் கிடக்கும்.

இக்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வங்கியும் வரித் துறையும் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் பழைய காரியதரிசியின் கைப்பேசிக்கே போய்க்கொண்டிருக்கும். அவர் மருமகள் பிரசவத்திற்கு வெளியூர் போயிருந்தால், கூலிப் பட்டுவாடாவும் அவரோடு போய்விடும்! கையொப்பம் மாற்றும் தீர்மானத்தோடு கைப்பேசி எண் மாற்றத்தையும் வங்கிக்கு அனுப்புதல் நலம். கையொப்பமிட்டு வைத்த வெற்றுக் காசோலைகள் இருந்தால், ஒப்படைக்க வேண்டாம். ரத்து செய்து எண்ணை எழுதுக. விவசாயக் கடன் சங்கங்களில் நகைப் பெட்டகத்தின் சாவிக்கும் இதே கவனம் வேண்டும். பைகளை எண்ணிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த பின்பே சாவி கைமாறலாம்.

மாதக் கடைசி நாளில் மாறுவது வசதி. வங்கிக்கு அனுப்பும் சரக்கு அறிக்கையும் அன்றைய கணக்கும் ஒன்றாகவே இருக்கும். குறிப்பை மூன்று பிரதிகள் எழுதி, இருவரும் தலைவரும் பக்கந்தோறும் கையொப்பமிட்டு, ஒன்றைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவிடலாம்.

மேலே சொன்ன நெசவாளர் மறுநாளே சேலையை அறுத்துக் கொண்டுவந்தார். கூலியில் 600 ரூபாய் கழித்து, பாஸ் புத்தகத்திலும் பேரேட்டிலும் எழுதி, மீதி 6,000 என்று அவருக்குப் படித்துக் காட்டினார் புதிய காரியதரிசி. அடுத்த பாவும் அன்றே கொடுக்கப்பட்டது.