விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்து

2009 ஜூலையில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. குஜராத்தின் வடோதராவிலும் அது நடந்தது. சிறுமிகளில் பலர் பழங்குடி வீடுகளைச் சேர்ந்தவர்கள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள்.

இரு மாநிலங்களிலுமாக ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் படிவங்கள் வேறு கதை சொல்லின. ஆந்திராவில் சரிபார்த்த 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்று 2013-இல் நாடாளுமன்றக் குழு பதிவு செய்தது.

காப்பாளர் சோறு போடுகிறார், பாதுகாக்கிறார். அதனால் அவர் பெற்றோர் ஆகிவிட மாட்டார். மேலிருந்து வரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர் அவர். மறுக்கும் துணிவை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. மறுக்க முடியாதவர் தரும் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? 1,948 படிவங்களில் கைநாட்டு மட்டுமே இருந்தது. கைநாட்டு குற்றமில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டினார்கள் என்று சொல்ல, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி அருகில் இருந்திருக்க வேண்டும்.

சரி, அந்தச் சிறுமியை யாராவது கேட்டார்களா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாகவும், பன்னிரண்டைத் தாண்டினால் எழுத்திலும் சம்மதம் வாங்க வேண்டும். அம்மா கையெழுத்திட்ட பிறகும் பிள்ளை "வேண்டாம்" என்று தலையாட்டினால் அதை மதிக்க வேண்டும். ஆசிரியரே மருத்துவக் குழுவை வகுப்புக்கு அழைத்து வந்து நிற்கும்போது, எந்தப் பிள்ளை தலையாட்டும்? அதனால்தான் கேட்கும் நேரத்தில் ஆசிரியர் அங்கே இருக்கக் கூடாது.

ரகசியம் காப்பது இன்னும் சிக்கலானது. பிள்ளை சொன்னதை ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்ல மாட்டோம் என்று ஆய்வாளர் உறுதி தருகிறார். பேச்சின் நடுவே, தன்னை ஒருவர் பாலியல் தொல்லை செய்வதாகப் பிள்ளை சொல்லிவிட்டால்? போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆகவே, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று தொடங்குவதே தவறு. எதைச் சொல்ல நேரும் என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முதலிலேயே விளக்கிவிட வேண்டும்.

உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்து இப்படி ஒரு படிவம் வந்தால், கையெழுத்திடும் முன் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் விலகலாமா, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். பிறகு பிள்ளையையும் கேளுங்கள்.