விடியும்வரை காத்திருக்கக் கூடாத வலி

இரவு 2 மணிக்கு 14 வயதுப் பையன் ஒருவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை வாந்தி எடுக்கிறான். இரவு சாப்பிட்டது சேரவில்லை என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கிறார். உண்மையில் அவனுக்கு வலி தொடங்கிய இடம் விதைப்பை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ‘வயிறு வலிக்குது’ என்கிறான்.

விதை முறுக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. எந்த வயதிலும் வரலாம் என்றாலும், 12 முதல் 18 வயதுவரை அதிகம். விளையாட்டில் அடிபட்ட பிறகும் வரும். ஒரு காரணமும் இல்லாமல் தூக்கத்திலும் வரும். சாதாரணமாக விதை, பைக்குள் பின்பக்கமாக ஒட்டியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிப்பு இருக்காது. மணியின் நாக்கு போல விதை தொங்கிக்கொண்டிருக்கும். அது சுழலும்போது, ரத்தம் கொண்டுவரும் நாளங்களும் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. ரத்தம் நின்றுவிடுகிறது.

வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை விடுவித்தால் பெரும்பாலும் விதை பிழைத்துவிடும். நேரம் ஏற ஏற வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. 24 மணி நேரம் தாண்டினால் காப்பாற்றுவது அரிது. அந்தப் பையனுக்குக் கெடு காலை 8 மணி. டாக்டர் வரட்டும் என்று 9 மணிக்குக் கிளினிக் வாசலில் நின்றால் காலம் கடந்திருக்கும்.

ஆகவே, வாந்தியோடு அடிவயிறு வலிக்கிறது என்று பையன் சொன்னால், ‘கீழேயும் வலிக்குதாடா?’ என்று அப்பாவோ அம்மாவோ நேராகக் கேட்டுவிட வேண்டும். ஒரு பக்க விதை வீங்கியோ, மேலேறியோ, குறுக்காகத் திரும்பியோ இருக்கலாம். இவை இல்லாவிட்டாலும் திடீர் வலி ஒன்றே போதும், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக. மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தர வேண்டாம். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் மருத்துவர் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார். முறுக்கை அவிழ்த்து, மறுபடி சுழலாதபடி தையல் போடுவார். தளர்வு பொதுவாக இரு பக்கமும் இருப்பதால் மற்ற விதைக்கும் தையல் உண்டு. வலி வந்து தானாக அடங்கிவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். முறுக்கு தானே அவிழ்ந்து, பின்னர் திரும்பி வருவதுண்டு.

வலி இல்லாத நாட்களில் தன் உடலின் இயல்பைப் பையன் அறிந்திருந்தால், மாற்றம் வந்ததும் தெரிந்துகொள்வான். வெந்நீரில் குளித்த பிறகு பை தளர்ந்திருக்கும். பார்க்க அதுவே நல்ல நேரம். ஒவ்வொரு விதையையும் தனியாக, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்ட வேண்டும். வழவழப்பாக, வலியின்றி இருந்தால் இயல்பு. ஒன்று சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பதும் இயல்பே. பின்பக்கம் தட்டுப்படும் மென்மையான குழாய், விந்தணு செல்லும் பாதை. அதைக் கட்டி என்று பயப்பட வேண்டாம். விதையின் மேலேயே கடினமான கட்டி தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது புற்றுநோயா என்று அவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்.