பூட்டிய கூடத்தின் கணினி, வீட்டு மடிக்கணினியில்

மாலை 5 மணிக்குப் பயிற்சி மையத்தின் கணினிக்கூடம் பூட்டப்பட்டால், பாதியில் நிற்கும் கணக்கியல் பயிற்சி மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதுதான். தோட்டத்திலிருந்து பேருந்தில் வந்து போகும் மாணவருக்கு இது பெரிய இடைஞ்சல். வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியோ அந்த மென்பொருளைத் தாங்காது.

மெய்நிகர் மேசைக்கணினி முறை இதற்கு ஒரு வழி. மையத்தில் இருக்கும் பெரிய சர்வர் ஒன்றுக்குள் பல கணினிகள் மென்பொருள் வடிவில் இயங்கும். மாணவர் பிரவுசரைத் திறந்து, மையத்தின் முகவரிக்குச் சென்று, கடவுச்சொல்லை இட்டால் கூடத்துக் கணினியின் திரை அப்படியே தெரியும். வேலை நடப்பது மையத்தில். வீட்டுக்கு வருவது திரைப்படம் மட்டுமே. இங்கிருந்து போவது விசைத்தட்டலும் மவுஸ் அசைவும். அதனால்தான் பழைய மடிக்கணினியே போதும்.

அப்பாச்சி குவாக்காமோலி என்ற இலவச மென்பொருள் நடுவில் வாயில்காப்போனாக இருந்து இதைச் செய்கிறது. மாணவர் எதையும் தம் கணினியில் பதிவிறக்க வேண்டியதில்லை. வெளியுலகுக்குத் திறந்திருப்பது அந்த ஒரு வாயில் மட்டுமே. கூடத்துக் கணினிகளை நேரடியாக இணையத்தில் திறந்துவைப்பது, கடவுச்சொல் திருடர்களை வீட்டுக்கு அழைப்பது போலாகும்.

20 மாணவர்கள் ஒரே நேரத்தில் பயில்வதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 4 ஜிபி நினைவகம் என்றால் 80 ஜிபி; சர்வரின் சொந்தத் தேவையையும் சேர்த்து 96 ஜிபி வாங்குவது பாதுகாப்பு. செயலியைப் பகிர்ந்துகொள்ளலாம், எல்லாரும் ஒரே நொடியில் கணக்குப் போடுவதில்லை. நினைவகத்தை அப்படிப் பகிர்ந்தால் கணினிகள் தடுமாறும்.

சிக்கல் பெரும்பாலும் வகுப்பு தொடங்கும்போதுதான் தலைகாட்டும். இரவு 8 மணிக்கு 20 கணினிகளும் ஒன்றாக விழித்தெழுந்தால் வட்டு திணறும், எல்லாருக்கும் திரை உறையும். செயலி சும்மா இருக்க, வட்டின் முன் வேலைகள் வரிசையில் நிற்பதே இதற்கு அடையாளம். எஸ்எஸ்டி வட்டு போட்டு, கால் மணி நேரம் முன்னதாகச் சில சில கணினிகளாக எழுப்பிவிட்டால் இது தீரும். ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் தட்டிய எழுத்து தாமதமாகத் தெரிந்தால், சர்வரைக் குறை சொல்ல வேண்டாம். கோளாறு பெரும்பாலும் அவர் வீட்டு இணைப்பில் இருக்கும். வேகமான இணைப்பிலும் தகவல் போய்வரும் நேரம் கூடினால் இப்படி ஆகும்.

செலவில் பலரும் மறப்பது விண்டோஸ் உரிமம். கடையில் வாங்கிய சாதாரண உரிமம் இம்முறைக்குச் செல்லாது, தனி உரிமம் வேண்டும். லினக்ஸ் என்றால் அந்தச் செலவில்லை, ஆனால் கணக்கியல் மென்பொருள் அதில் ஓடுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மாணவர் கேட்டறிய வேண்டியது ஒன்று உண்டு. பல மையங்கள், ஒருவர் வெளியேறியதும் கணினி பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருக்கும். அப்படியானால் மேசைத்திரையில் சேமித்த கோப்பு அன்றிரவே அழிந்துவிடும். மையம் ஒதுக்கிய பகிர்வுக் கோப்புறையில் சேமித்தால் மட்டுமே மறுநாள் கிடைக்கும்.