பிரேயரில் எச்.எம். என்ன சொல்ல வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை மற்றவர்கள் சேர்ந்து படுத்துகிறார்கள் என்று தெரியவந்தால், அடுத்த திங்கட்கிழமை பிரேயரில் தலைமையாசிரியர் பேசுவார். அநேகமாக இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் இருக்கும். "இனிமே யாராவது இப்படிச் செஞ்சீங்கன்னா டி.சி. கிழிச்சுக் கையில கொடுத்துருவேன்" என்பது ஒன்று. "யாருக்கு என்ன பிரச்சினைன்னாலும் தைரியமா என் ரூமுக்கு வந்து சொல்லலாம்" என்பது இன்னொன்று. நல்ல மனதோடு சொல்லப்படுபவைதான். ஆனால் அடிபடுகிற பிள்ளையின் வாயை அடைப்பதும் இவையேதான்.

டி.சி. மிரட்டலை எடுத்துக்கொள்வோம். தான் வாயைத் திறந்தால் ஒருவனுடைய படிப்பே போய்விடும், பிறகு அவனும் அவன் கூட்டாளிகளும் சும்மா விடமாட்டார்கள் என்றுதான் அந்தப் பிள்ளை கணக்குப் போடும். போதாததற்கு அந்த மிரட்டலில் சட்டப்படி பாதி வெறும் பேச்சு. 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின் 16-வது பிரிவின்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. இது வெறும் மிரட்டல் என்பதைப் பெரிய பையன்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்து, 'என் ரூமுக்கு வா'. இடைவேளையில் எச்.எம். அறை வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது மணியடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். போட்டுக்கொடுத்தவன் என்ற பட்டம் மத்தியானத்துக்குள் ஒட்டிக்கொள்ளும்.

சொன்னது வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு நாங்குநேரியைவிடக் கொடிய சாட்சி வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் அந்த ஊரைச் சேர்ந்த, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியல் சமூக மாணவர் ஒருவர், உடன் படிப்பவர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதால் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டபோது விஷயம் பள்ளிக்குச் சொல்லப்பட்டது. புகார் போனதை அறிந்த மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் கொடுமையைச் சகித்த நாள்களில் உயிருக்கு ஆபத்து வரவில்லை. சொன்ன பிறகுதான் வந்தது. இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்ன பரிந்துரைதான் பரபரப்பாகப் பேசப்பட்டது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே தனி அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருக்கிறது. புகாரை யாரிடம் சொல்வது என்ற நம் கேள்விக்கு நேராக வருவது அதுதான்.

ஆக, பிரேயர் பேச்சு முதலில் தெளிவாக்க வேண்டியது எதைப் புகாராக எடுத்துக்கொள்வோம் என்பதை. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் நார்வேயில் பணியாற்றியவர். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. சம பலமுள்ள இரண்டு பேர் கபடியில் மோதிக்கொண்டால் அது சண்டை. எட்டாம் வகுப்பில் ஒருவனுடைய டிபன் பாக்ஸை நாலு பேர் தினமும் ஒளித்துவைத்து, அவன் சாதியையோ நிறத்தையோ வைத்துப் பட்டப்பெயர் சூட்டி, அதையே வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டால் அது வேறு. "சும்மா விளையாட்டுக்கு சார்" என்று நாலு பேரும் சொல்வார்கள். ஐந்தாவது ஆள் சிரிக்கிறானா என்று பார்த்தால் போதும், விளையாட்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அந்த எட்டாம் வகுப்புப் பையனையே வைத்துக்கொண்டு மேலே போவோம். பக்கத்து பெஞ்சுத் தோழி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பள்ளியில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' பெட்டியில் போடுகிறாள். அரசுப் பள்ளிகளில் இந்தப் பெட்டி வைக்கச் சொல்லி உத்தரவு இருக்கிறது. ஆனால் அது எச்.எம். அறை வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டப்பட்டிருந்தால் சாக்லேட் உறையைத் தவிர எதுவும் விழாது. நூலகத்திலோ தண்ணீர்க் குழாய்ப் பக்கமோ, யாரும் எதற்காகவும் போய்வரும் இடத்தில் இருக்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்று எச்.எம். சொல்லலாம். அதோடு நிறுத்தக் கூடாது. பெயரில்லாத சீட்டில் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. அதனால் எந்த வகுப்பு, எந்த இடம், எந்த நேரம், யார் யார், என்ன செய்தார்கள் என்பதாவது இருக்க வேண்டும். '8 பி-யில் அநியாயம் நடக்குது' என்ற சீட்டை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

சீட்டு கிடைத்த பிறகுதான் பெரும்பாலான பள்ளிகள் கோட்டை விடுகின்றன. வகுப்புக்குள் போய் "யாருடா இதை எழுதினது?" என்று கேட்பது ஒரு தவறு. இரண்டு தரப்பையும் ஒரே அறையில் நிறுத்தி, கைகுலுக்கி சமாதானமாகப் போகச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. சமாதானம் சமமானவர்களுக்குள்தான் சாத்தியம். இங்கே ஒருவன் பயத்தில் கைகொடுப்பான், மற்றவன் வெளியே போய்க் கணக்குத் தீர்ப்பான். விவரம் தெரிந்த ஆசிரியர் முதலில் மதிய உணவு நேரத்தில் அந்த வராந்தாவில் தற்செயலாக வந்து நிற்பது போல் நிற்பார். டிபன் பாக்ஸ் ஒளிவதைத் தானே பார்ப்பார். அப்புறம் நாலு பேரையும் தனித்தனியே கூப்பிடுவார். "நான் பார்த்தேன்" என்று அவர் சொல்லும்போது சீட்டு எழுதியவள் முழுக்க மறைந்துவிடுகிறாள். பாதிக்கப்பட்டவனிடம் தனியாகப் பேசிவிட்டு, இரண்டு நாளில் ஒரு முறையும் இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும் திரும்ப விசாரிப்பார். முதல் விசாரிப்புக்குப் பின் கொடுமை பல நேரம் நிற்காது, இடம் மாறும். வராந்தாவிலிருந்து பஸ்ஸுக்குப் போகும்.

பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் பேச்சில் பங்கு உண்டு. கனடாவின் டொராண்டோ பள்ளிகளில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். இத்தகைய சம்பவங்களில் பத்தில் எட்டுக்கு மேல் மற்ற பிள்ளைகள் கூடவே இருந்திருக்கிறார்கள். ஆனால் யாரோ ஒருவர் குறுக்கிட்டது சுமார் ஐந்தில் ஒன்றில்தான். அப்படிக் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் தொல்லை நின்றுவிட்டது. அரிவாள் வரக்கூடிய இடத்தில் ஒரு பிள்ளையைக் குறுக்கே போகச் சொல்ல மாட்டேன். "வாடா, சார் கூப்பிடுறாங்க" என்று அவனை அங்கிருந்து அழைத்துப் போவது எல்லோராலும் முடியும்.

எச்.எம். தரக்கூடாத வாக்குறுதி ஒன்று இருக்கிறது. "நீ சொன்னதை யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்பது. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் எச்.எம். மீதே வழக்கு வரும். "தெரிய வேண்டியவங்களுக்கு மட்டும் சொல்வேன், யாருக்குச் சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்குறுதி. பள்ளிக்குள் யாரையும் நம்ப முடியாத பிள்ளைக்கு 1098, 14417 என்ற இரண்டு எண்களையும் மைக்கில் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

இந்த வாரம் பிரேயரில் பேசப்போகிற தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மைக்கைப் பிடிப்பதற்கு முன், புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று விசாரியுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பேச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.